எந்தச் சரக்குக்கு எந்த லாரி?

கேள்வி: கோவையிலிருந்து ஓசூருக்கு ஒரு லேத் மிஷின் போக வேண்டும். 20 அடி கன்டெய்னர் லாரி குறைந்த வாடகைக்கு வருகிறது. இரண்டு ஊர்ப் பட்டறையிலும் மேலே கிரேன் இருக்கிறது. எடுக்கலாமா?
– வாசகர், கோவை

பதில்: வேண்டாம். கன்டெய்னருக்குக் கூரை உண்டு, கிரேன் கொக்கி உள்ளே இறங்காது. ஓப்பன் பாடி எடுத்து, மிஷினைச் சங்கிலியால் கட்டி, தார்ப்பாய் போட்டு அனுப்புங்கள்.

கேள்வி: தூத்துக்குடியிலிருந்து உறைந்த இறால் ரீஃபர் என்னும் குளிர்பதன லாரியில் சென்னைக்கு வந்தது. கதவைத் திறக்கும்போது டிஸ்ப்ளேயில் மைனஸ் 18 என்றுதான் இருந்தது. ஆனால் உதிரியாக இருக்க வேண்டிய இறால் கட்டிகட்டியாக ஒட்டிக் கிடந்தது. "வண்டியில் குறை இல்லை, ஏற்றினவர்களைக் கேளுங்கள்" என்கிறார் டிரான்ஸ்போர்ட்காரர்.
– வாசகர், சென்னை

பதில்: அந்த டிஸ்ப்ளே காட்டுவது பெட்டிக்குள் ஓடும் காற்றின் குளிரை. இறாலின் குளிரை அது காட்டாது. மாலை ஏழு மணிக்கு டீசலை மிச்சம் பிடிக்கக் குளிரூட்டும் யூனிட்டை அணைத்துவிட்டு, விடிகாலை மூன்று மணிக்குத் திரும்பப் போட்டால், நீங்கள் கதவைத் திறக்கும் நேரத்துக்குள் காற்று மைனஸ் 18-க்கு வந்துவிடும். அணைந்திருந்த நேரத்தில் இளகிய இறால் அதற்குள் மறுபடி உறைந்து ஒன்றோடொன்று ஒட்டியிருக்கும்.

இதை நான் பல வருடமாக எழுதிக்கொண்டே இருக்கிறேன். என் தங்கை மகள் கல்யாணத்துக்கு மொத்த விலையில் வாங்கிய ஐஸ்கிரீம் கப்புகள் கல் மாதிரி இறுகித்தான் வந்தன. மூடியைத் திறந்தால் எல்லாம் ஒரு பக்கம் சாய்ந்த வாக்கில் உறைந்திருந்தது. வழியில் உருகி, வண்டி சாய்ந்த பக்கம் ஓடி, அப்படியே மறுபடி உறைந்த சரக்கு. பணம் திரும்பி வரவில்லை. டிரைவரை மட்டும் நான் குறை சொல்ல மாட்டேன். ஒரு நடைக்கு இவ்வளவு டீசல் என்று கணக்குக் கட்டி, மிஞ்சினால் உனக்கு என்று முதலாளி சொன்னால் யூனிட் அணையத்தான் செய்யும். ரீஃபர் வாடகை பேசும்போதே யூனிட்டுக்கான டீசல் தனி என்று எழுதி வாங்குங்கள். வாடகை கொஞ்சம் கூடும், பரவாயில்லை.

இப்போது உங்கள் சரக்குக்கு வருவோம். கட்டியான பெட்டிகள் எங்கே இருந்தன என்று பாருங்கள். கதவோரத்திலும் சுவரோரத்திலும் மேல் அடுக்கிலும் மட்டும் கட்டியாகி, நடுவில் உள்ளவை உதிரியாக இருந்தால் வழியில்தான் சூடு ஏறியிருக்கிறது. நடுப்பெட்டி உட்பட எல்லாமே ஒரே மாதிரி கட்டியாக இருந்தால் ஏற்றும்போதே இளகியிருக்க வாய்ப்பு அதிகம். ரீஃபர் வண்டி குளிரைக் காக்குமே தவிர, குறைந்த குளிரில் ஏற்றிய மொத்த லோடையும் இழுத்து உறைய வைக்கும் சக்தி அதற்குக் கிடையாது. மைனஸ் 10-ல் ஏற்றினால் மைனஸ் 18-ஆக இறங்கும் என்று நம்பாதீர்கள். பெட்டிச் சுவரில் மேலே உள்ள சிவப்புக் கோட்டைத் தாண்டி அடுக்கியிருந்தாலும் காற்று கடைசி வரை போகாது, அப்போதும் கதவோரம்தான் கெடும். அதனால் அடுக்கியது யார், எந்த உயரத்துக்கு என்பதையும் கேட்டு வையுங்கள்.

யூனிட்டிலேயே வெப்பநிலைப் பதிவு இருக்கும் வண்டியாக இருந்தால், அந்தப் பதிவை உடனே எழுத்தில் கேளுங்கள். தர மறுத்தால் அதையும் குறித்து வையுங்கள். அடுத்த லோடிலிருந்து இரண்டு டேட்டா லாக்கர் வாங்கி, ஒன்றைக் கதவோரப் பெட்டியிலும் ஒன்றை நடுப்பெட்டியிலும் சரக்கோடு சரக்காக வைக்கச் சொல்லுங்கள். எந்த மணிக்கு எவ்வளவு என்று கோடாகக் காட்டிவிடும். ஏற்றும் இடத்தில் தெர்மாமீட்டர் முனையை இரண்டு பொட்டலத்துக்கு நடுவே செருகிப் பார்த்து, அந்த எண்ணை லாரி ரசீதான எல்.ஆர்.-ல் எழுதி டிரைவரிடம் கையெழுத்து வாங்க வேண்டும். இறக்கும்போது நீங்களும் அதையே செய்துவிட்டு, குறையை எல்.ஆர்.-ல் எழுதிய பிறகுதான் கையெழுத்துப் போட வேண்டும்.

கேள்வி: தேனியிலிருந்து ஜி9 வாழைக்காய் அனுப்பினேன். குளிர் கூடினால் நல்லதுதானே என்று ரீஃபரில் 4 டிகிரி வைக்கச் சொன்னேன். தோல் கறுத்து, பழுக்கவே இல்லை. வண்டிக்காரரிடம் நஷ்டஈடு கேட்கலாமா?
– வாசகர், தேனி

பதில்: கேட்க முடியாது. 4 டிகிரி என்று சொன்னது நீங்கள், அவர் சொன்னபடி செய்தார். பச்சை வாழைக்கு 13, 14 டிகிரி போதும். அதற்குக் கீழே போனால் காய் குளிரில் அடிபட்டுவிடும், பிறகு எந்தப் பழுக்க வைக்கும் அறையில் வைத்தாலும் ஒழுங்காகப் பழுக்காது. ஒரு லோடு வாழையை அனுப்புகிறவர் அதைத் தெரிந்துகொள்ளாமல் வண்டி பிடித்தது எனக்குப் புரியவே இல்லை.

கேள்வி: காங்கேயத்திலிருந்து தேங்காய் எண்ணெய் டெல்லிப் பக்கம் ஒரு புதிய பார்ட்டிக்குப் போகிறது. டேங்கரில் அனுப்பவா, 15 கிலோ டின்னில் அடைத்து மூடிய லாரியில் அனுப்பவா?
– வாசகர், காங்கேயம்

பதில்: முதலில் அந்தப் பார்ட்டியிடம் பம்பும் சேமிப்புத் தொட்டியும் இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் டேங்கர் பேச்சே வேண்டாம், டின்தான். டின்னை ஆட்கள் கையால் இறக்கிக்கொள்வார்கள்.

டேங்கர் என்றால் மாதத்தைப் பாருங்கள். ஏறக்குறைய 24 டிகிரிக்குக் கீழே தேங்காய் எண்ணெய் உறையத் தொடங்கும். ஜனவரியில் வடக்கே போனால் வால்வைத் திறந்தாலும் எண்ணெய் இறங்காது, வண்டி நிற்கும் நாளுக்கெல்லாம் உங்களிடம் காசு கேட்பார்கள். அந்தக் காலத்தில் சூடேற்றும் குழாய் உள்ள டேங்கர்தான் எடுக்க வேண்டும்.

அப்புறம், முன்பு ஏற்றிய மூன்று சரக்குகள் என்ன என்று எழுத்தில் கேளுங்கள். மேல்மூடியைத் திறந்து முகர்ந்து பாருங்கள். கழுவிவிட்டோம் என்பார்கள். தொட்டியைக் கழுவியிருப்பார்கள், கீழே வால்வுக் குழாயில் பழசும் தண்ணீரும் தங்கியிருக்கும். வால்வைத் திறந்து உள்ளே வெள்ளைத் துணியை விட்டுத் துடைத்துப் பார்த்த பிறகே எண்ணெய் ஏற்றுங்கள். பாதித் தொட்டி மட்டும் நிரப்பி அனுப்பாதீர்கள். வளைவில் எண்ணெய் ஒரு பக்கம் அலைமோதி வண்டியைக் கவிழ்க்கப் பார்க்கும்.

கேள்வி: திருப்பூரில் இருந்து பனியன் பண்டல்களை மூடிய லாரியில் அனுப்பத்தான் பேசினேன். எனக்குத் தெரியாமல் ஓப்பன் லாரியில் ஏற்றித் தார்ப்பாய் போட்டிருக்கிறார்கள். மழையில் நனைந்துவிட்டது. வாடகை 9,000, சரக்கு 6 லட்சம். 20,000 தருகிறோம், முடித்துக்கொள்ளுங்கள் என்கிறார்கள்.
– வாசகர், திருப்பூர்

பதில்: வாங்காதீர்கள். உங்களை ஏமாற்றியிருக்கிறார்கள். சாலைவழிச் சரக்குப் போக்குவரத்துக்கு 2007-ல் ஒரு சட்டம் வந்தது. அதன்கீழ் உள்ள விதிப்படி, கூடுதல் மதிப்பைச் சொல்லிக் கூடுதல் கட்டணம் கட்டாத சரக்குக்கு டிரான்ஸ்போர்ட்டின் பொறுப்பு வாடகையைப் போலப் பத்து மடங்கு வரை. உங்கள் கணக்கில் அது 90,000. மீதியை ஈடுகட்ட, சரக்குக்கு இன்சூரன்ஸ் எடுத்திருந்தால் அங்கே இன்றைக்கே தெரிவியுங்கள்.

மூடிய லாரி என்று பேசியதற்கு வாட்ஸ்அப் செய்தி, எல்.ஆர்., நனைந்த பண்டல்களின் படம் எல்லாவற்றையும் பத்திரப்படுத்துங்கள். வழக்குப் போடுவதற்கு முன் நோட்டீஸ் கொடுத்தாக வேண்டும். அதுவும் சரக்கை புக் செய்த நாளிலிருந்து 180 நாளுக்குள். பேசித் தீர்ப்போம் என்று இழுத்தடித்து அந்த நாளைக் கடத்திவிடுவார்கள். இந்த வாரமே பதிவுத் தபாலில் அனுப்பி, ரசீதை எல்.ஆர்.-உடன் சேர்த்து வையுங்கள்.