வேலை முடிந்து கையில் வரும் மொத்தத் தொகை: எதற்கு வரி, எதற்குச் சலுகை?

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயம்தான்: வேலை போனது, அல்லது தானாக விட்டது, ஒரு பெரிய தொகை வந்தது, அதில் வரி போக மீதியைப் பார்த்து மனம் வெதும்பியது. பதில்கள் அனைத்தும் 2025-26 நிதியாண்டுக்கானவை; பிரிவு எண்கள் 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின்படி. 2026 ஏப்ரல் முதல் புதிய சட்டம் வந்துவிட்டதால், அதன் பிறகு பணம் பெறுபவர்கள் எண்களைப் புதிய சட்டத்தில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஸ்ரீபெரும்புதூர் பக்கத்துத் தொழிற்சாலையில் 22 வருடம் 7 மாதம் மெஷின் ஆபரேட்டராக இருந்தேன். 2025 ஜூனில் ஆலையை மூடிவிட்டார்கள். மொத்தம் 22,99,000 ரூபாய் என்று கணக்கு முடித்தார்கள். ஆட்குறைப்பு இழப்பீடு முழுவதுக்கும் டிடிஎஸ் பிடித்திருக்கிறார்கள். இது சரியா?

சரியில்லை. நீங்கள் அனுப்பிய கணக்குத் தாளில் நான்கு வகைப் பணம் இருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் சட்டத்தில் தனித்தனி வாசல். மொத்தமாக ஒரே தொகையாகப் பார்த்தால் எல்லாமே குழம்பிவிடும்.

முதலில் கிராஜுவிட்டி. உங்கள் கடைசிச் சம்பளத்தில் அடிப்படையும் பஞ்சப்படியும் சேர்த்து 52,000. அதை 26ஆல் வகுத்து, 15ஆல் பெருக்கி, பணி வருடத்தால் பெருக்க வேண்டும். ஆறு மாதத்துக்கு மேல் போன மிச்சம் ஒரு முழு வருடமாகக் கணக்கில் வரும் என்பதால் 22 வருடம் 7 மாதம் 23 ஆகிறது. ஆக 6,90,000. இது 20 லட்ச வரம்புக்குள் இருப்பதால் ஒரு ரூபாய்கூட வரியில்லை.

அடுத்து, எடுக்காமல் சேர்ந்த 180 நாள் விடுப்புக்கான 3,12,000. வேலையில் இருக்கும்போதே விடுப்பை விற்றுக் காசாக்கினால் முழுவதும் வரிக்கு உட்பட்டது; பணி முடியும்போது வாங்கினால் தனியார் ஊழியருக்கும் 25 லட்சம் வரை சலுகை உண்டு. வேறு சில உச்சவரம்புகளும் உள்ளன. அதில் முக்கியமானது பத்து மாதச் சராசரிச் சம்பளம். உங்களுக்கு அது 5,20,000. நீங்கள் வாங்கியது அதற்குக் கீழேதான். இதற்கும் வரியில்லை.

மூன்றாவதுதான் தகராறு. உங்கள் ஆலை மூடப்பட்டபோது நடைமுறையில் இருந்த தொழிற்தகராறு சட்டத்தின்படி, ஆட்குறைப்பு செய்யப்படும் தொழிலாளிக்கு ஒவ்வொரு பணி வருடத்துக்கும் 15 நாள் சராசரி ஊதியம் இழப்பீடு. இங்கே அலவன்ஸ்களும் சேர்ந்த ஊதியம்தான் அடிப்படை. உங்கள் விஷயத்தில் மாதம் 78,000. கிராஜுவிட்டியில் உள்ள 26 என்ற வகுப்பெண் இதில் வராது, பாதி மாத ஊதியம்தான். எனவே 39,000 பெருக்கல் 23, அதாவது 8,97,000. ஆலை மூடப்பட்டதால் வரும் இழப்பீட்டையும் வருமான வரிச் சட்டம் ஆட்குறைப்பு இழப்பீடாகவே பார்க்கிறது. இதில் 5,00,000 வரை 10(10பி) பிரிவின் கீழ் விலக்கு. மீதி 3,97,000க்கு வரி உண்டு.

நான்காவது, நிர்வாகம் நல்லெண்ணத்தில் கூடுதலாகக் கொடுத்த 4,00,000. சட்டப்படி கொடுத்தே ஆக வேண்டிய பணமல்ல இது. எனவே முழுவதும் வரிக்கு உட்பட்டது. இழப்பீட்டுக்கான விலக்கு ஏற்கெனவே 5 லட்சத்தில் முடிந்துவிட்டது.

ஆக 22,99,000இல் 15,02,000 விலக்கு, 7,97,000 வரிக்கு உட்பட்டது. கம்பெனி செய்த தவறு, 8,97,000 முழுவதையும் வரிக்கு உட்பட்ட பகுதியில் சேர்த்தது. நான்கு தொகையையும் தனித்தனியே காட்டும் ஒரு கடிதத்தைக் கம்பெனியிடம் கேட்டு வாங்குங்கள். பிறகு உங்கள் வருமான வரிக் கணக்கில் விலக்கை நீங்களே கோரலாம். டிடிஎஸ் கூடுதலாகப் போயிருந்தால் திரும்பி வரும். இந்த விலக்குகள் புதிய வரி முறையிலும் உண்டு.

என் தனிப்பட்ட கருத்து ஒன்று: விடுப்புப் பணத்தின் வரம்பை 2023இல் 3 லட்சத்திலிருந்து 25 லட்சமாக்கினார்கள். கிராஜுவிட்டி வரம்பு 2018இல் 20 லட்சமானது. வேலையைப் பறிகொடுத்தவனுக்கான 5 லட்சம் மட்டும் தொண்ணூறுகளில் வைத்த இடத்திலேயே நிற்கிறது. நிம்மதியாக ஓய்வு பெறுபவருக்குத் தாராளம், தெருவில் நிற்பவருக்குக் கணக்கு பார்ப்பது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

சம்பளத்துக்கு வரி வாங்கும் அரசு, ஒரே தடவையில் வரும் இந்தப் பணத்துக்கு ஏன் சலுகை கொடுக்கிறது? இது கருணையா? (ஓய்வு பெற்ற ஆசிரியர், கும்பகோணம்)

கருணை கொஞ்சம் உண்டு, கணக்கும் உண்டு. நமது வரி விகிதம் படிப்படியாக ஏறுவது. இருபது வருட உழைப்பின் பலன் ஒரே வருடத்தில் வந்து விழுந்தால், அது அந்த ஒரு வருடத்தின் உயர்ந்த படிகளில் ஏறி உட்கார்ந்துகொள்கிறது. அதே பணத்தை இருபது வருடத்துக்குப் பிரித்து வாங்கியிருந்தால் பாதி வரிகூட வந்திருக்காது. விலக்கு வரம்புகளும், அடுத்த கேள்வியில் சொல்லப்போகும் 89ஆம் பிரிவும் இந்தக் குறையைச் சரிசெய்யத்தான்.

இன்னொரு பழைய காரணமும் உண்டு. வேலை என்பது வருமானம் வரும் ஊற்று. ஊற்றே போனதற்குக் கொடுக்கும் நஷ்டஈடு வருமானம்தானா என்பது நீதிமன்றங்களில் நெடுநாள் விவாதிக்கப்பட்ட விஷயம். 1932இல் ஷா வாலஸ் கம்பெனி வழக்கில், எண்ணெய் விற்பனை ஏஜென்சி ரத்தானதற்காக அந்தக் கம்பெனிக்குக் கிடைத்த இழப்பீடு வருமானமே அல்ல என்று லண்டன் பிரிவி கவுன்சில் தீர்ப்பளித்தது. அந்த வாதத்தை ஊழியர்களும் எடுத்துவிடாமல், வேலை நீக்கம் தொடர்பாக முதலாளியிடமிருந்து வரும் எந்த இழப்பீடும் ‘சம்பளத்துக்குப் பதிலான ஆதாயம்’ என்று சட்டம் தனியாக எழுதிவைத்தது. அது 17(3) பிரிவு. முதலில் எல்லாவற்றையும் வலைக்குள் இழுத்துப் போட்டுவிட்டு, பிறகு சிலவற்றுக்கு மட்டும் விலக்கு என்ற ஏற்பாடு இப்படித்தான் வந்தது.

அம்பத்தூரில் ஒரு நிறுவனத்தில் கணக்குப் பிரிவு மேலாளர். 14 வருடப் பணி, வயது 46, ஓய்வு வயது 58. 2025 டிசம்பரில் வேலையை விட்டு அனுப்பி 12 லட்சம் கொடுத்தார்கள். நான் ‘தொழிலாளி’ இல்லையாம், எனவே 5 லட்ச விலக்கு கிடையாது என்கிறார்கள்.

மேலாளர் பணி என்றால் அவர்கள் சொல்வது சரிதான். நிர்வாகப் பொறுப்பில் இருப்பவர்கள் தொழிலாளர் சட்டத்தின் தொழிலாளி வரையறைக்குள் வரமாட்டார்கள். ஆனால் பதவியின் பெயரைப் பார்த்து முடிவு செய்ய முடியாது, உண்மையில் செய்த வேலை என்ன என்பதுதான் கேள்வி. உங்கள் கடிதத்தில் நான்கு பேரின் விடுப்பு, சம்பள உயர்வு, பணியமர்த்தல் எல்லாம் உங்கள் கையில் இருந்ததாகச் சொல்கிறீர்கள். எனவே 10(10பி)யை மறந்துவிடலாம்.

ஆனால் 89ஆம் பிரிவு உங்களுக்குத் திறந்திருக்கிறது. வேலை நீக்க இழப்பீட்டுக்கு இதில் இரண்டு நிபந்தனைகள்: குறைந்தது மூன்று வருடம் தொடர்ந்து பணி, ஓய்வுக்கு மிச்சமும் குறைந்தது மூன்று வருடம். இரண்டாவதைப் பலர் கவனிப்பதில்லை. 56 வயதில் இப்படி அனுப்பப்படுபவருக்கு இந்தக் கதவு மூடியிருக்கும். உங்களுக்குப் பன்னிரண்டு வருடம் மிச்சம்.

கணக்கு இப்படி. இந்த வருடம் கழிவுகள் போக உங்கள் சம்பள வருமானம் 6 லட்சம். இழப்பீட்டுடன் 18 லட்சம். புதிய முறையில் வரி 1,60,000. அதாவது மொத்த வருமானத்தில் 8.89 சதவீதம். (இழப்பீடு வராமலிருந்தால் அந்த 6 லட்சத்துக்கு வரியே வந்திருக்காது.) இப்போது 12 லட்சத்தை மூன்றாகப் பிரித்து, முந்தைய மூன்று வருடங்களின் வருமானத்துடன் 4 லட்சம் வீதம் சேர்க்க வேண்டும். நீங்கள் ஒவ்வொரு வருடமும் புதிய முறையில் 8 லட்சம் காட்டியிருப்பதால், மூன்று வருடமும் 12 லட்சம் ஆகிறது. அந்தந்த வருட விகிதப்படி வரி 2024-25க்கு 80,000, 2023-24க்கு 90,000, 2022-23க்கு 1,15,000. சராசரி விகிதங்கள் முறையே 6.67, 7.5, 9.58 சதவீதம். மூன்றின் சராசரி 7.92 சதவீதம். 8.89இலிருந்து இதைக் கழித்தால் வரும் சுமார் 0.97 சதவீதத்தை, தசமங்களைச் சுருக்காமல் 12 லட்சத்துக்குப் போட்டால் 11,667. நான்கு சதவீத செஸ் சேர்த்து 12,133 ரூபாய் நிவாரணம். கட்ட வேண்டிய 1,66,400 என்பது 1,54,267 ஆகிறது.

இது எல்லோருக்கும் இப்படி இனிக்காது. முன்பு 15 லட்சத்திலேயே தொடங்கிய 30 சதவீதம், இப்போது 24 லட்சத்துக்கு மேல்தான் தொடங்குகிறது. வருடா வருடம் முப்பது, நாற்பது லட்சம் வாங்கியவருக்கு முந்தைய வருட விகிதமே அதிகமாக இருந்திருக்கும். நிவாரணம் பூஜ்யம் என்று வரலாம். கணக்குப் போட்ட பிறகே நம்பிக்கை வையுங்கள்.

செய்முறையில் சறுக்கும் இடம் ஒன்றே ஒன்று. வருமான வரித் தளத்தில் Form 10E என்ற படிவத்தை ரிட்டர்ன் தாக்கல் செய்வதற்கு முன் நிரப்பி அனுப்ப வேண்டும். உள்ளே Annexure III தான் வேலை நீக்க இழப்பீட்டுக்கு. Annexure I நிலுவைச் சம்பளத்துக்கானது, பழக்கத்தில் அதைத் திறந்துவிடாதீர்கள். இதை அனுப்பாமல் ரிட்டர்னில் மட்டும் 89ஆம் பிரிவு நிவாரணத்தை எழுதினால், சில மாதம் கழித்து வரும் 143(1) அறிவிப்பில் அந்தத் தொகையை நீக்கி, வட்டியோடு கேட்பார்கள்.

பொதுத்துறை நிறுவனத்தில் விருப்ப ஓய்வு. 5 லட்ச விலக்கும் வேண்டும், மீதிக்கு 89ஆம் பிரிவும் வேண்டும். கிடைக்குமா?

கிடைக்காது. 2010-11 மதிப்பீட்டு ஆண்டு முதல், விருப்ப ஓய்வுப் பணத்துக்கு 10(10சி) விலக்கா, 89 நிவாரணமா, ஏதாவது ஒன்றுதான். இரண்டையும் போட்டுப் பார்த்து லாபமானதை எடுங்கள். பெரும்பாலும் 5 லட்ச விலக்கே ஜெயிக்கும். அது வாழ்நாளில் ஒரே தடவைதான். திட்டம் விதி 2பிஏவின்படி இருக்க வேண்டும்: பத்து வருடப் பணி அல்லது 40 வயது, காலியான இடத்தை நிரப்பக் கூடாது, அதே நிர்வாகத்தின் வேறு கம்பெனியில் உங்களைச் சேர்க்கவும் கூடாது.

முந்தைய கம்பெனியில் 2019இல் 14 லட்சம் கிராஜுவிட்டி வாங்கினேன், வரியில்லை. இப்போது இன்னொரு கம்பெனியிலிருந்து 9 லட்சம் வருகிறது.

20 லட்சம் என்பது ஒரு கம்பெனிக்கு அல்ல, உங்கள் வாழ்நாளுக்கு. மீதமுள்ளது 6 லட்சம். 3 லட்சத்துக்கு வரி உண்டு. பழைய கணக்கு புதிய கம்பெனிக்குத் தெரியாது என்பதால் அவர்கள் முழுவதையும் விலக்காகக் காட்டக்கூடும். பொறுப்பு உங்களுடையது.

மூன்றரை வருடத்தில் வேலை போனது. ஐந்து வருடம் ஆகாததால் பிஎஃப் பணத்துக்கு வரி என்கிறார்கள். (கோவை வாசகி)

நீங்களாக ராஜினாமா செய்திருந்தால் அப்படித்தான். நிறுவனம் தொழிலைச் சுருக்கியதாலோ மூடியதாலோ, உடல்நலக் குறைவாலோ, உங்கள் கட்டுப்பாட்டில் இல்லாத வேறு காரணத்தாலோ பணி முடிந்திருந்தால் ஐந்து வருட நிபந்தனை பொருந்தாது, பணத்துக்கு வரியில்லை. ஆனால் பலரிடம் நிறுவனங்கள் ராஜினாமாக் கடிதம் எழுதி வாங்கிக்கொள்கின்றன. அதில் கையெழுத்திட்டுவிட்டால் பிற்பாடு இந்த விலக்கை நிரூபிப்பது கடினம். உங்கள் விடுவிப்புக் கடிதத்தில் ஆட்குறைப்பு என்ற காரணம் எழுதியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.