கேனில் பிடித்து வந்த கடல் ஏன் மறுநாள் ஒளிரவில்லை?

"அக்டோபரில் நீலாங்கரையில் அலை நீலமாக ஒளிர்ந்தபோது, மகளின் பள்ளி அறிவியல் கண்காட்சிக்காக இரண்டு லிட்டர் கேன் நிறையத் தண்ணீர் பிடித்து வந்தோம். அன்றிரவு குலுக்கினால் ஒளிர்ந்தது; மறுநாள் ஒன்றுமே இல்லை. இப்போது ஆன்லைனில் ஒருவர், தண்ணீரில் கலந்தால் எந்நேரமும் ஒளிரும் 'கடல் பொடி' 1,500 ரூபாய் என்கிறார். வாங்கலாமா? ஜனவரியில் கண்காட்சி, காலை பதினொரு மணிக்கு." – வாசகி, காட்பாடி

அந்தப் பொடியை வாங்க வேண்டாம். எந்நேரமும் ஒளிரும் என்று அவர் பெருமையாகச் சொல்வதே அதை வாங்கக் கூடாது என்பதற்குப் போதுமான காரணம்.

நீங்கள் கேனில் பிடித்து வந்தது பெரும்பாலும் நாக்டிலூக்கா என்னும் ஒற்றைச் செல் உயிரியாக இருக்கும். 2019 ஆகஸ்டில் திருவான்மியூர், பெசன்ட் நகர் கரைகளில் கூட்டம் கூடிப் பார்த்ததும் இதைத்தான். அரை மில்லிமீட்டர் அளவுள்ள சிறு உருண்டை அது. கண்ணாடி டம்ளரில் எடுத்து வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் ஜவ்வரிசித் துகள் மிதப்பதைப் போலக் கண்ணுக்கே தெரியும். உடலில் அம்மோனியாவைத் தேக்கி வைத்துக்கொண்டு மிதப்பது அதன் வழக்கம். காற்றுக்கு இடமில்லாமல் விளிம்பு வரை நிரப்பிய கேனில், மூன்று நான்கு மணி நேரம் பேருந்தில் குலுங்கி, வெயிலில் சூடேறி வந்தால் சில செல்கள் உடைகின்றன. அவற்றிலிருந்து கசியும் அம்மோனியா மற்றவற்றையும் கொல்கிறது. மறுநாள் கேனைத் திறந்தபோது மூக்கைத் துளைக்கும் நாற்றம் வந்திருந்தால், நடந்தது இதுதான். உங்கள் மீது தவறு எதுவும் இல்லை. அது வளர்ப்புக்கு இணங்கும் உயிர் அல்ல.

இந்த உயிர்கள் ஒளியை உண்டாக்கும் முறை தெரிந்தால், போலியை நீங்களே கண்டுபிடித்துவிடலாம். செல்லுக்குள் மிகச் சிறிய பொட்டலங்கள் இருக்கின்றன. அவற்றில் லூசிஃபெரின் என்ற எரிபொருளும், அதை ஆக்சிஜனோடு சேர்த்து வைக்கும் லூசிஃபெரேஸ் என்ற நொதியும் இருக்கும். சாதாரண நிலையில் நொதி பூட்டிக் கிடக்கிறது. அலை உடையும்போதோ எதுவும் உரசும்போதோ செல்லின் சவ்வு அதிர்ந்து, பொட்டலத்துக்குள் அமிலத்தன்மை ஏறுகிறது. அதுவே பூட்டைத் திறக்கும் சாவி. பத்தில் ஒரு நொடி நீல ஒளி தோன்றி அடங்கிவிடுகிறது. வெப்பம் என்று சொல்லும்படி ஒன்றும் இல்லை. பலரும் சொல்வதைப் போலக் கடலில் பாஸ்பரஸ் எரிவதும் இல்லை.

ஆகவே எந்தப் பாட்டிலைக் கொடுத்தாலும் இரவில், இருட்டறையில் பதினைந்து நிமிடம் கண்ணைப் பழக்கிவிட்டுப் பாருங்கள். அசையாமல் வைத்த பாட்டில் இருண்டிருக்க வேண்டும். மெல்லச் சுழற்றினால் நீலம் மின்னி, நிறுத்தியதும் அணைய வேண்டும். அசைக்காமலே ஒளிர்ந்தால் அது விளக்கொளியை வாங்கி வைத்துக்கொண்டு உமிழும் ஒளிர்பொடியாகவோ, விழாக்களில் விற்கும் ஒளிரும் குச்சியின் திரவமாகவோ இருக்கும். நீலவிளக்கு அடித்தால் மட்டும் தெரிகிறது என்றால் சாயம். சந்தேகம் தீராவிட்டால் பத்து மில்லியைத் தனிக் குப்பியில் எடுத்து, சமையல் வினிகரைச் சில துளிகள் விடுங்கள். உயிருள்ளதாக இருந்தால் வெளியிலிருந்து வந்த அமிலமே சாவியாகி, மிச்சமிருக்கும் ஒளி முழுவதும் ஒரே வீச்சில் வெளிப்படும். அதோடு அந்தப் பத்து மில்லி செத்துவிடும் என்பதால் முழுப் பாட்டிலில் இதைச் செய்யாதீர்கள்.

வாங்கத்தான் வேண்டுமென்றால் பைரோசிஸ்டிஸ் என்ற ஒளிரும் ஒற்றைச் செல் இனத்தின் உயிருள்ள வளர்ப்பு நீரைக் கேளுங்கள். இது வெளிச்சத்தில் தானே உணவு தயாரிப்பதால் வீட்டில் பிழைக்கும். விற்பவர் இனத்தின் பெயரைச் சொல்லத் தயங்கினாலோ, வெளிச்சமே வேண்டாம் என்றாலோ விலகிவிடுங்கள். ஆராய்ச்சி நிலையங்களிடம் கேட்டுப் பெறலாமே என்பீர்கள். ஒரு பள்ளிக்காக நானே அப்படி எழுதினேன். தலைமையாசிரியர் முத்திரை வேண்டும் என்று ஒரு கடிதம், படிவம் மாறிவிட்டது என்று இன்னொன்று. கண்காட்சி முடிந்து மூன்று வாரம் கழித்து அனுமதி வந்தது. நம் அலுவலகங்கள் செய்யும் இந்தத் தாமதத்தில்தான் பொடி விற்பவர்கள் பிழைக்கிறார்கள்.

இனி உங்கள் உண்மையான சிக்கல் காலை பதினொரு மணி. பைரோசிஸ்டிஸ் பகலில் ஒளிராது. அதன் உடலுக்குள் ஒரு கடிகாரம் ஓடுகிறது, இருட்டறைக்குள் கொண்டுபோனாலும் பகலைப் பகல் என்றே அது கணக்கு வைக்கும். ஆனால் இதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு, உங்களுக்கு வேண்டியதும் அதுதான். அந்தக் கடிகாரத்தைத் திருப்பி வைக்கலாம். கண்காட்சிக்கு ஒரு வாரம் முன்பிருந்து மாலை ஆறு முதல் காலை ஆறு வரை வெள்ளை எல்இடி விளக்கின் அருகே வையுங்கள். காலை ஆறு முதல் மாலை ஆறு வரை மூடிய அட்டைப் பெட்டிக்குள் வையுங்கள். சில நாட்களில் நம் பகல் அதற்கு இரவாகிவிடும். பதினொரு மணி என்பது அதன் இரவில் ஐந்தாவது மணி. இடையில் ஒளிர்கிறதா என்று பார்க்கும் ஆசையில் டார்ச் அடிப்பது, பெட்டியைத் திறந்து வைப்பது ஆகிய இரண்டுமே கடிகாரத்தைக் குழப்பும். கண்காட்சி வேறு தேதிக்குத் தள்ளிப்போனால் இதே முறையைத் தொடருங்கள், மாற்ற வேண்டாம்.

வெப்பம் 20 முதல் 25 டிகிரிக்குள் இருப்பது நல்லது. வேலூரில் மே மாதத்தில் இதைச் செய்யச் சொல்ல மாட்டேன். ஜனவரியில் வெயில் படாத உள்ளறையே போதும். குளிர்சாதனப் பெட்டியில் வைக்காதீர்கள். நம் ஊர் போர் தண்ணீரையோ உப்புக் கரைசலையோ ஊற்றாதீர்கள்.

எடுத்துச் செல்லும்போது ஐந்தாறு சிறு பாட்டில்களில் பாதியளவு பிரித்து, கறுப்புத் துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொள்ளுங்கள். ஆட்டோவில் குலுங்கும் ஒவ்வொரு முறையும் அதன் ஒளிக் கையிருப்பு செலவாகிறது. செலவானது முழுவதும் நிரம்ப அடுத்த வெளிச்ச நேரம் கழிந்து அதன் அடுத்த இரவு வர வேண்டும். பள்ளியிலும் ஒரு பாட்டில் களைத்த பிறகே அடுத்ததை எடுக்க வேண்டும். குழல்விளக்கு எரியும் ஹாலில் மேசை கொடுப்பார்கள், இரண்டே நிமிடத்தில் மதிப்பெண் போடுவார்கள். கறுப்புத் துணி போர்த்திய பெட்டிக்குள் நடுவர் தலையை நுழைத்து ஐந்து நிமிடம் காத்திருந்தால்தான் கண் பழகும் என்பதை ஆசிரியரிடம் முன்பே சொல்லிவிடுங்கள்.

இந்த ஒளியால் அதற்கு என்ன பயன் என்று நடுவர் நிச்சயம் கேட்பார். தன்னைத் தின்ன வரும் சிறு ஓட்டுயிரை அந்த மின்னல் திடுக்கிட வைக்கிறது. அதோடு அந்த ஓட்டுயிர் இருக்குமிடத்தை அதைத் தின்னும் மீனுக்கும் காட்டிக்கொடுக்கிறது. திருடன் வந்ததும் வீட்டுக்காரர் போடும் கூச்சல் அது. நீல நிறமாக இருப்பதற்கும் காரணம் உண்டு: கடல்நீரில் நெடுந்தூரம் செல்வது நீல ஒளிதான். கூடுதலாக ஓர் உதாரணம் வேண்டுமென்றால் உங்கள் மீன் மார்க்கெட்டில் கிடைக்கும் காரப்பொடி மீனை மகள் சொல்லட்டும். அதன் உணவுக்குழாயைச் சுற்றி ஒளிரும் பாக்டீரியாக்கள் குடியிருக்கின்றன. அந்த ஒளியை வயிற்றின் வழியே கீழ்நோக்கி விட்டு, மேலிருந்து வரும் வெளிச்சத்தில் தன் நிழல் தெரியாதபடி அது மறைந்துகொள்கிறது.