யூரியாவின் கெழு ஏன் எதிர்க்குறியானது?

"இரணைமடுச் சிறுபோக நெல் தரவு. 8 முதல் 16 தடவை தண்ணீர் பாய்ச்சிய வயல்கள். விளைச்சலைக் கணிக்கும் சமன்பாட்டில் யூரியா × தண்ணீர் உறுப்பைச் சேர்த்ததும் யூரியாவின் கெழு −4, பெருக்கத்தினுடையது 0.6. பசளை விளைச்சலைக் குறைக்கிறதா?"

இல்லை. அந்த −4, ஒரு தடவைகூடத் தண்ணீர் காணாத வயலுக்கான சரிவு. அப்படியொரு வயல் உங்கள் தரவிலேயே இல்லை. உண்மையான சரிவு −4 + 0.6 × தடவை. 8 தடவைக்கு 0.8, 16 தடவைக்கு 5.6, அதாவது ஒரு கிலோ யூரியாவுக்குக் கூடும் நெல், கிலோவில். தண்ணீர் குறைந்த வயலில் பசளை பெரும்பாலும் வீண்தான்.

சரி, தண்ணீரில் 12-ஐக் கழித்துவிட்டு R-இல் ஓட்டிப் பாருங்கள்:

```
lm(y ~ urea * I(water - 12))
```

யூரியாவின் கெழு 3.2 ஆகும், அதன் நியமவழுவும் 12 தடவைக்குரியதாகும். 0.6 அசையாது. p மதிப்பு பெரிதென்று யூரியாவைத் தனி உறுப்பாக நீக்கிவிடாதீர்கள், 0.6-உம் பிழையாகிவிடும்.