தறி ஒரு சுற்று, கவுண்டர் மூன்று எண்ணிக்கை

கேள்வி: சேலம் அம்மாப்பேட்டையில் விசைத்தறி போட்டிருக்கிறோம். தறித் தண்டில் ஒரு துளையுள்ள தகடு, அதன் எதிரே போட்டோ டிரான்சிஸ்டர். வெளிச்சம் பட்டால் 1.2 வோல்ட், மறைந்தால் 3.4. மோட்டார் ஓடும்போது அதன்மேல் 0.3 வோல்ட் இரைச்சல். 5 வோல்ட் சப்ளையில் 74HC393-இன் கிளாக் காலுக்கு நேராகக் கொடுத்தேன். ஒரு சுற்றுக்கு இரண்டு, மூன்று என்று ஏறுகிறது. 74HC14 போட்டால் தீருமா?

பதில்: இன்றைக்குத் தீரலாம், ஆனால் ஒரு மாதம் பஞ்சு படிந்த பிறகு கவுண்டர் நகராமல் நிற்கக்கூடும். உங்கள் தறிக்கு நான் அதைப் போடமாட்டேன்.

முதலில் தறியை நிறுத்தி, தண்டைக் கையால் மெல்லத் திருப்பிப் பாருங்கள். எண்ணிக்கை அதிகமாகத் தாவினால் குற்றவாளி விளிம்பின் மந்தம்தான். துளையின் ஓரம் கடக்க 20 மில்லிசெகண்ட் ஆகிறது என்று வையுங்கள். 2.2 வோல்ட் ஏற அவ்வளவு நேரம் என்றால், 0.3 வோல்ட் இரைச்சலுக்குள் சிக்னல் கிட்டத்தட்ட 3 மில்லிசெகண்ட் தத்தளிக்கும். மைக்ரோசெகண்டுக்குப் பல துடிப்பு எண்ணும் சிப்புக்கு அது ஒரு யுகம். 4.5 வோல்ட்டில் விளிம்பு 500 நானோசெகண்டுக்குள் முடிய வேண்டும் என்றுதான் HC வகை டேட்டாஷீட் கேட்கிறது. இரைச்சலே இல்லாவிட்டாலும் தப்ப முடியாது: அவுட்புட் மாறும்போது சிப்பின் கிரவுண்டே சற்று எகிறி, இன்புட்டை மறுபடி எல்லைக்குக் கீழே தள்ளிவிடும்.

74HC14 போன்ற ஷ்மிட் டிரிக்கர் இரண்டு எல்லை வைக்கிறது. ஏறும்போது மேல் எல்லையைத் தாண்டினால் மாறும். திரும்ப மாற, கீழ் எல்லைக்குக் கீழே இறங்கியே ஆக வேண்டும். இடைவெளி இரைச்சலைவிடப் பெரியதாக இருந்தால் ஒரு விளிம்புக்கு ஒரு துடிப்புதான்.

எல்லைகளை எங்கே வைப்பது? பஞ்சு படிந்தால் உங்கள் 1.2 மெல்ல 1.7 ஆகும் என்று கொள்வோம். இரைச்சலில் பாதியான 0.15-ஐச் சேர்த்தால் கீழ் எல்லை 1.85-க்கு மேலே இருக்க வேண்டும். மேல் எல்லை 3.25-க்குக் கீழே. 74HC14-இல் கீழ் எல்லை சிப்புக்குச் சிப்பு மாறும், 4.5 வோல்ட்டில் 0.9 வரை இறங்கலாம். அப்படிப்பட்ட சிப் மாட்டினால் உங்கள் சிக்னல் அவ்வளவு கீழே வரவே வராது.

அதனால் LM393 கம்பாரேட்டர். சென்சாரை மைனஸ் காலில் கொடுங்கள். பிளஸ் காலில் 5 வோல்ட்டுக்கு ஒரு 10k, கிரவுண்டுக்கு ஒரு 10k, அவுட்புட்டிலிருந்து ஒரு 22k. அவுட்புட்டுக்கு 2.2k புல்-அப், அதை மறந்தால் அவுட்புட் ஏறாது, ஓப்பன் கலெக்டர் அல்லவா! எல்லைகள் ஏறத்தாழ இப்படி அமையும்:

```
VT+ = 2.5 + 2.5 × 5/(5 + 22 + 2.2) = 2.93 V
VT- = 2.5 - 2.35 × 5/(5 + 22)      = 2.06 V
```

இடைவெளி ஏறத்தாழ 0.86 வோல்ட், இரைச்சலைப்போல் இரண்டரை மடங்குக்கு மேல். இன்னும் பெரிதாக்க ஆசை வரும், வேண்டாம். எல்லை சிக்னலின் ஓரத்தை நெருங்கினால் பஞ்சுக்கு இடமிருக்காது. ரெசிஸ்டர்கள் 1 சதவீதமாக இருக்கட்டும்.

பக்கத்துத் தறியின் கான்டாக்டர் விழும்போது வரும் ஒரு வோல்ட்டுக்கு மேற்பட்ட துள்ளலை இது தடுக்காது. அதற்கு மைனஸ் காலுக்கு முன்னால் 10k-யும் 100 நானோஃபாரடும் போடுங்கள். 1 மில்லிசெகண்ட் தாமதம் தறிக்கு ஒன்றுமில்லை. அந்த RC-ஐக் கவுண்டரின் கிளாக் காலில் மட்டும் வைத்துவிடாதீர்கள். விளிம்பு மறுபடி மந்தமாகி, பழைய தொல்லை திரும்பும்.