“விசாலமான வீடு” என்றால் எவ்வளவு? டர்பன் வீட்டு விளம்பரக் கேள்வி பதில்

சாட்ஸ்வொர்த்திலிருந்து ஒருவர்: அக்கா, அப்பா வீட்டை விற்கிறோம். விளம்பரம் இப்படி இருக்கு: “வெஸ்ட்கிளிஃபில் விசாலமான 3 படுக்கையறை வீடு. நல்ல போக்குவரத்து வசதி. பின்னால் கூடுதல் இடம். பார்க்கத் தவறாதீர்கள்.” ஃபோன் பண்றவங்க ரெண்டு கேள்வி கேட்டுட்டு வெச்சுடறாங்க. பத்திரத்தில் மனை 290 சதுர மீட்டர். பழைய பிளானில் வீடு 92. பின்னால் அப்பா கட்டின ரெண்டு ரூம் 30 இருக்கும், அது பிளானில் இல்லை. எப்படித் திருத்தறது?

உங்களிடம் மூன்று அளவுகள் இருக்கின்றன. மூன்றையும் “விசாலமான” என்ற ஒரே சொல்லுக்குள் அடைத்துவிட்டீர்கள். படிப்பவருக்கு 290-ம் தெரியாது, 92-ம் தெரியாது. ஃபோனில் உங்களிடம் கேட்கும் முதல் கேள்வியே அதுவாகத்தான் இருந்திருக்கும்.

மனையளவு பத்திரத்திலிருந்து வரட்டும். வீட்டளவு முனிசிபாலிட்டி முத்திரை போட்ட பிளானிலிருந்து வரட்டும். பின்னாலுள்ள 30-ஐ 92-ஓடு கூட்டி 122 என்று போடவே கூடாது. வாங்குபவர் கடனுக்குப் போனால் வங்கி தன் மதிப்பீட்டாளரை அனுப்பும். அங்கீகரித்த பிளானைக் கேட்கவும் கேட்கலாம். அன்றைக்கு 122 என்பது 92 ஆகிவிட்டால் பேசிய விலையும் அதோடு இறங்கும்.

அப்புறம் அறைகள். டேப்பைச் சுவருக்குச் சுவர் பிடியுங்கள். சுவரோடு கட்டிய அலமாரி இருந்தால் அதன் கதவிலிருந்து அளக்க வேண்டும். பெரிய அறை 4.1-க்கு 3.2 மீட்டர் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். இங்கே கடையில் விற்கும் குயின் கட்டில் 152-க்கு 188 சென்டிமீட்டர். தலைமாட்டை நீளமான சுவரில் வைத்தால் இரண்டு பக்கமும் 129 சென்டிமீட்டர், கால்மாட்டில் 132 மிச்சம். இதைப் படிப்பவர் தன் பீரோ எங்கே நிற்கும் என்று மனதிலேயே வைத்துப் பார்த்துவிடுவார். மூன்றாவது அறை 2.7-க்கு 2.4தான் என்றால் அதையும் எழுதுங்கள். ஒற்றைக் கட்டிலும் ஒரு மேசையும் போதும் என்பவர் வருவார், மற்றவர் உங்கள் சனிக்கிழமையை வீணாக்க மாட்டார்.

“நல்ல போக்குவரத்து” என்பதற்குப் பதில் எங்கிருந்து எங்கே என்று சொல்லுங்கள். கேட்டிலிருந்து டாக்சி நிற்கும் இடத்துக்கு எத்தனை மீட்டர் நடை, ஹிகின்சன் ஹைவேயில் ஏறும் இடத்துக்கும் ஆர்.கே. கான் மருத்துவமனை வாசலுக்கும் எத்தனை கிலோமீட்டர். சாட்ஸ்வொர்த் முழுக்க மேடும் பள்ளமும். அதனால் தெருவிலிருந்து வாசற்கதவு வரை எத்தனை படி, கார் கேட் வரை வருமா என்பதும் சேரட்டும். முழங்கால் வலிக்காரர் இருக்கும் வீட்டுக்கு அதுதான் முதல் விஷயம்.

எழுதினால் இப்படி வரும்: “வெஸ்ட்கிளிஃபில் ஒட்டு வீடு, ஒரு பக்கச் சுவர் பக்கத்து வீட்டோடு பொது. மனை 290 ச.மீ. (பத்திரம்), வீடு 92 ச.மீ. (அங்கீகரித்த பிளான்). படுக்கையறைகள் 4.1×3.2, 3.3×3.0, 2.7×2.4 மீட்டர். பின்னால் இரண்டு அறைகள், சுமார் 30 ச.மீ., இவை பிளானில் இல்லை. தெருவிலிருந்து வாசலுக்கு 14 படி. டாக்சி நிற்கும் இடம் 250 மீட்டர்.” ஒட்டு வீடு என்பது, அறையளவு, படி, தூரம் எல்லாம் நான் உதாரணத்துக்குப் போட்டவை. நீங்களே அளந்து மாற்றுங்கள். தாளோ டேப்போ காட்ட முடியாத எண்ணைப் போடாதீர்கள்.

ஃபீனிக்ஸ் அண்ணன் ஒருவர்: பிளானில் இல்லைன்னு நாமே ஏன் எழுதணும்? முனிசிபாலிட்டி ரேட்ஸ் பில்லில் அந்த ரூமையும் சேர்த்துத்தான் மதிப்பு போடறாங்க. வரி வாங்கினா அனுமதி கொடுத்த மாதிரிதானே?

பாதி சரி, அண்ணா. மதிப்பீட்டில் அந்த அறைகள் சேர்ந்திருக்கலாம். ஆனால் அது வரிக்காக, இருப்பதைப் பார்த்துப் போட்ட மதிப்பு. கட்ட அனுமதி வேறு. தென்னாப்பிரிக்காவின் 1977-ஆம் ஆண்டு 103-ஆம் எண் கட்டடச் சட்டப்படி, கட்டுவதற்கு முன்பே எழுத்தில் வாங்க வேண்டியது. ரேட்ஸ் பில்லைக் காட்டி அதை ஈடுகட்ட முடியாது.

மறுபடி அவரே: சரி, ஒப்பந்தத்தில் ஃபுட்ஸ்டூட்ஸ் போட்டுட்டா? இருக்கிறபடி வாங்கிக்கோன்னு அர்த்தம். முடிஞ்சு போச்சு.

முடியாது. அனுமதியில்லாத கட்டடமும் பார்த்தால் தெரியாத மறைந்த குறைதான், ஃபுட்ஸ்டூட்ஸ் விற்பவரைக் காக்கும் என்று உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் 2008-இல் சொன்னது உண்மை. அதே தீர்ப்பில், தெரிந்தே ஏமாற்ற மறைத்தவருக்கு அந்தக் காப்பு இல்லை என்பதும் இருக்கிறது. நம் கேள்வியாளருக்குத் தெரியும், இங்கேயே எழுதியும் விட்டார். தவிர, 2022 பிப்ரவரி 1 முதல் ஏஜென்ட் வழியாக விற்றால் விற்பவர் குறை அறிக்கை ஒன்றை நிரப்பிக் கையெழுத்திட்டே ஆக வேண்டும். கூடுதல் கட்டுமானத்துக்கு அனுமதி வாங்கியிருக்கிறதா என்று அதிலேயே கேட்கிறார்கள். விளம்பரம் ஒன்று, அறிக்கை இன்னொன்று என்று இருந்தால் பதில் சொல்ல வேண்டியது நீங்கள்தான்.

டோங்காட்டிலிருந்து ஒருவர்: நான் ஏஜென்ட் வேலையில் இருந்தவன். அக்கா சொன்னதில் ஒன்றைச் சேர்க்கிறேன்: விற்பதற்கு முன்பே ஒரு வரைவாளரை வைத்து, இப்போது இருக்கிறபடி பிளான் போட்டு அனுமதிக்கு அனுப்பலாம். ஆனால் எல்லைச் சுவரிலிருந்து விட வேண்டிய இடைவெளி இல்லை என்றால் சிக்கும்.

ஆமாம், பின்னறைகள் பெரும்பாலும் அங்கேதான் சிக்கும். அனுப்பிவிட்டுக் காத்திருப்பதா, விலையைக் குறைத்து இப்படியே விற்பதா என்பதில் எனக்கே ஒரே முடிவு இல்லை. வீட்டுக்கு வீடு மாறும். ஒன்று மட்டும்: அனுப்பியிருந்தால் “அனுமதிக்கு அனுப்பப்பட்டுள்ளது” என்று எழுதுங்கள், “அனுமதி உண்டு” என்று எழுதாதீர்கள்.

ஃபீனிக்ஸ் அண்ணன்: கட்டினது செத்துப்போன அப்பா. பையனுக்கு பிளான் பத்தி ஒண்ணும் தெரியலைன்னா அவன் மறைச்சதா ஆகுமா?

அதை வக்கீலிடம் கேளுங்கள், அண்ணா. ஒருவருக்கு என்ன தெரிந்திருந்தது என்பது சாட்சியத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டியது.

உம்லாங்கா: எங்களது ஃபிளாட். ஏஜென்ட் 84 ச.மீ.ன்னு போட்டார். நான் உள்ளே அளந்தா 79தான் வருது. ஏமாத்தறாரா?

ஏமாற்று என்று சொல்ல முடியாது. ஒவ்வொரு ஃபிளாட்டையும் தனி உரிமையாகப் பதியும் செக்ஷனல் டைட்டில் பிளானில் எல்லை சுவரின் நடுக்கோடு. பாதிச் சுவர் உங்கள் கணக்கில் வரும், டேப்பில் வராது. 84 அந்தப் பிளானில் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். பார்க்கிங்கையோ தனிப் பயன்பாட்டுக்கு விட்ட தோட்டத்தையோ கூட்டியிருந்தால் அது தப்பு. கட்டடத்தின் பொதுச் செலவுக்குக் கட்டும் மாத லெவி எவ்வளவு என்பதையும் போடச் சொல்லுங்கள்.

லெனேசியா: “விசாலமான”வுக்கு வேற நல்ல வார்த்தை இருக்கா?

சொல்லை மாற்றி என்ன பயன்? அளவைப் போடுங்கள்.

பைன்டவுன்: ஹைவேக்கு 5 நிமிஷம்னு போடலாமா? நான் போயிருக்கேன்.

எந்த நேரத்தில் போனீர்கள்? காலை 7 மணிக்கும் ஞாயிறு மதியத்துக்கும் ஒரே நிமிடம் வராது. கிலோமீட்டரைப் போடுங்கள். நிமிடம் வேண்டுமென்றால் பக்கத்தில் கிழமையும் மணியும் எழுதுங்கள்.

இன்னொருவர்: வாடகைக்கு விடறேன், “பெரிய ஹால்” போதுமா?

போதாது. சாட்ஸ்வொர்த் பதிலை மேலே போய்ப் படியுங்கள், வாடகைக்கும் அதேதான். டேப்பை எடுங்கள்.

சாட்ஸ்வொர்த்திலிருந்து முதலில் கேட்டவர்: அளந்துட்டேன் அக்கா. படி 17. பின்ரூம் 30 இல்லை, 26.

அப்படியே போடுங்கள். பின்ரூமுக்கு “உள்ளளவு, டேப்பில் அளந்தது” என்று பக்கத்தில் சேருங்கள், ஏனென்றால் பிளானில் உள்ள 92 சுவரையும் சேர்த்த அளவாக இருக்கலாம்.