நாடி பார்ப்பது மகளின் வேலையா?

கேள்வி: எனக்கு வயது 36. மூன்று மாதமாக நடு இரவில் திடுக்கிட்டு விழிக்கிறேன். கனவு எதுவும் இல்லை. நெஞ்சு படபடக்கிறது, மூச்சு முட்டுகிறது, விரல்கள் மரத்துப்போகின்றன. செத்துவிடுவேன் என்றே தோன்றுகிறது. இ.சி.ஜி., தைராய்டு எல்லாம் சரியாக இருக்கின்றன. பேனிக் அட்டாக் என்றார் டாக்டர். கணவருக்குத் தேயிலைத் தொழிற்சாலையில் காலை ஷிஃப்ட் என்பதால் அவரை எழுப்ப மாட்டேன். ஒன்பது வயது மகளை எழுப்பி நாடி பார்க்கச் சொல்வேன். இப்போது படுக்கப் போகவே பயமாக இருக்கிறது.
– வாசகி, கோத்தகிரி

பதில்: கணவரின் தூக்கம் கெடக் கூடாது, மகளின் தூக்கம் கெடலாமா? அம்மா உயிரோடு இருக்கிறாளா என்று இருட்டில் விரல் வைத்துப் பார்ப்பது ஒன்பது வயதுக் குழந்தை சுமக்கிற சுமையா? இதை உங்களால் எப்படிப் போகிற போக்கில் எழுத முடிந்தது?

உங்கள் பயம் வளர்வதும் அங்கேதான். மகள் நாடி பார்த்ததால் பிழைத்தேன் என்று மனம் ஒவ்வொரு முறையும் கணக்கு எழுதிக்கொள்கிறது. யாரும் பார்க்காவிட்டாலும் அது அடங்கியிருக்கும் என்பதை நீங்கள் ஒருநாளும் கண்டதில்லை.

இரவு பேனிக் அட்டாக் பெரும்பாலும் தூங்கிய முதல் சில மணி நேரத்தில், இலேசான தூக்கம் ஆழமாகும்போது வரும். அதனால்தான் கனவு இல்லை. அட்ரினலின் சுரந்து இதயம் விரைகிறது. காற்றுப் போதவில்லை என்று நீங்கள் இழுத்து இழுத்து மூச்சு வாங்குகிறீர்கள். இரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு குறைகிறது. விரல் மரப்பதும் தலை சுற்றுவதும் அதன் விளைவு. பொதுவாகப் பத்து நிமிடத்துக்குள் உச்சிக்குப் போய், பிறகு தானாக இறங்கும்.

அடுத்த முறை எழுந்து கட்டில் ஓரத்தில் உட்காருங்கள். பாதம் தரையின் குளிரை உணரட்டும். மணியை ஒரே ஒரு முறை பாருங்கள். நாடியைத் தொடாதீர்கள், ஜன்னலுக்கு ஓடாதீர்கள். மூக்கால் மெல்ல இழுத்து, இழுத்ததைவிட நிதானமாக விடுங்கள். நிறுத்தியே தீர வேண்டும் என்று மல்லுக்கட்டினால் கூடும். துடிக்கிற நெஞ்சு துடித்துக்கொள்ளட்டும். அடங்கியதும் மறுபடி படுத்துவிடுங்கள். விழித்தே கிடந்தால் தூக்கம் கெட்டு, அடுத்த இரவு இன்னும் மோசமாகும்.

பகலில் கடைவீதியிலிருந்து மேட்டுப் பாதையில் வேகமாக ஏறிப் பாருங்கள். இதே படபடப்புதான், இதே மூச்சிரைப்புதான். அங்கே நீங்கள் பயப்படுவதில்லை. தினமும் ஏறி, அந்தத் துடிப்போடு உடலைப் பழக்குங்கள்.

நடக்கும்போது நெஞ்சு வலித்தாலோ, வலி கைக்கோ தாடைக்கோ பரவினாலோ உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். மூடிய அறையில் கரியடுப்பு வைத்துத் தூங்கித் தலைவலியோடு விழித்தால் அது பேனிக் அல்ல, நச்சுப்புகை. அடுப்பை வெளியே வையுங்கள். ஒரு மாதத்தில் குறையாவிட்டால் மனநல மருத்துவரைப் பாருங்கள். பேச்சு சிகிச்சைக்கு இது நன்றாகவே கட்டுப்படும்.

நாளை பகலில் கணவரை உட்காரவைத்து எல்லாவற்றையும் சொல்லுங்கள். மனைவி மூன்று மாதமாக நடு இரவில் நடுங்குவது தெரியாமல் தூங்குவதற்காக அவர் உங்களைக் கட்டிக்கொள்ளவில்லை. மகளிடமும் சொல்லுங்கள்: "அம்மாவுக்கு ஒன்றும் ஆகாது, இனி உன்னை எழுப்ப மாட்டேன்." சொன்ன அந்த இரவே அதைக் காப்பாற்றுங்கள்.