ஸ்கவுட் நின்றுபோனால் மரத்தைப் பாருங்கள்

"அண்ணா, ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2 டெஃபினிட்டிவ் எடிஷன் ஆடுறேன். ஸ்கவுட் பில்ட் ஆர்டரை மனப்பாடம் பண்ணிட்டேன். 21 ஆள் வந்ததும் லூம் போட்டு ஃபியூடல் கிளிக் பண்றேன், ஆனா 9:10 ஆயிடுது. மூணு ஸ்கவுட் எடுத்ததும் உணவு தீர்ந்துடும், மரம் மட்டும் 500 சும்மா கிடக்கும். ஆன்லைன்ல தோத்துட்டே இருக்கேன். எங்க தப்பு?"

முதலில் அந்த 9:10-ஐப் பார்ப்போம். ஆட்டம் தொடங்கும்போதே மூன்று வில்லேஜரும் ஒரு ஸ்கவுட்டும் இருக்கிறார்கள். 21-ஐத் தொட இன்னும் 17 பேர் வேண்டும். ஒருவர் வர 25 விநாடி என்றால் 17 பேருக்கு 425 விநாடி. லூமுக்கு 25 சேர்த்தால் 450, அதாவது 7:30. உங்கள் டவுன் சென்டர் 100 விநாடி வேலையில்லாமல் நின்றிருக்கிறது. அந்த நேரத்தில் நான்கு வில்லேஜர் வந்திருப்பார்கள்.

எங்கே நின்றது என்பதை ரெக்கார்டிங்கை ஓடவிட்டால் நீங்களே பிடித்துவிடலாம். பெரும்பாலும் வீடு கட்ட மறந்த இடமாக இருக்கும். தொடக்கத்தில் ஐந்து பேருக்குத்தான் இடம். வீடு ஒவ்வொன்றும் 25 மரத்துக்கு ஐந்து இடம் தரும். அடுத்தது, 50 உணவு கையில் இல்லாத இடம். பன்றியை இழுத்துவரத் தாமதித்தால் இது நடக்கும். ஒரு பன்றியில் 340 உணவு இருக்கிறது. மூன்றாவது, கண் சண்டைப் பக்கம் போய் டவுன் சென்டரை மறந்த இடம். H விசையைச் சில விநாடிக்கு ஒருமுறை தட்டும் பழக்கம் இதைச் சரிசெய்யும்.

பில்ட் ஆர்டரை "யார் எங்கே" என்று மட்டும் மனப்பாடம் செய்யாதீர்கள். அது ஒரு செலவுக் கணக்கு. ஆறு பேர் ஆட்டிறைச்சியில் இருக்கும்போதே அடுத்த நான்கு பேரை ஏன் மரத்துக்கு அனுப்புகிறோம்? கையில் இருந்த 200 மரத்தில் இரண்டு வீட்டுக்கு 50, லம்பர் கேம்ப்புக்கு 100 போய்விடும். பெர்ரி அருகே மில் கட்ட 100 வேண்டும், மீதி 50-தான். குறையும் 50-ஐ அந்த நான்கு பேர்தான் வெட்டித் தர வேண்டும். காரணம் தெரிந்தால், எதிராளி ஒரு வில்லேஜரைக் கொன்றாலும் எதை ஈடுகட்ட வேண்டும் என்று உங்களுக்கே தெரியும்.

இனி ஸ்கவுட். ஒரு ஸ்கவுட்டுக்கு 80 உணவு, 30 விநாடி. ஒரு ஸ்டேபிள் நிற்காமல் ஓட நிமிடத்துக்கு 160 உணவு. டவுன் சென்டரும் நிற்காமல் ஓட 120. மொத்தம் 280. ஒரு வில்லேஜர் நிமிடத்துக்கு ஏறத்தாழ 20 உணவு கொண்டுவருவார். ஆக உணவில் 14 பேர் வேண்டும்.

ஃபியூடல் வந்து சற்று நேரத்தில் ஆடும் பன்றியும் தீர்ந்துவிடும். அப்போது உங்களிடம் பெர்ரியில் நான்கு பேர், ஃபார்மில் மூன்று பேர் இருந்தார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். வரவு 140. வில்லேஜருக்கே 120 போய்விடும். மீதி 20-ல் நான்கு நிமிடத்துக்கு ஒரு ஸ்கவுட்தான் வரும். பக்கத்தில் 500 மரம் கிடக்கிறது! ஒரு ஃபார்முக்கு 60 மரம். அது நீங்கள் போடாமல் விட்ட எட்டு ஃபார்ம். ஆனால் 500 சேரும்வரை காத்திருந்து மொத்தமாகப் போடக் கூடாது. டவுன் சென்டரடியில் இறைச்சி தீர்ந்து ஒருவர் கை ஓயும்போதே அவருக்கு ஒரு ஃபார்ம் போட்டுவிடுங்கள். திரையின் மேலே ஒவ்வொரு வளத்திலும் எத்தனை பேர் என்ற எண் தெரியும். குவியலைவிட அந்த எண்ணைத்தான் நான் அதிகம் பார்ப்பேன்.

இந்த நேரத்தில் தங்கத்துக்கு ஆள் வேண்டாம். ஸ்கவுட் தங்கம் கேட்காது.

ஒரு கட்டத்தில் எதிராளி ஈட்டிக்காரர்களை இறக்குவார். அதற்கு மேல் ஸ்கவுட் எடுப்பது வீண். வில்லாளிக்கு மாற வேண்டும். வில்லாளிக்கு 25 மரம், 45 தங்கம், 35 விநாடி. ஒரு ஆர்ச்சரி ரேஞ்ச் ஓட தங்கத்தில் ஏறக்குறைய நான்கு பேர் தேவை. ஃபார்மில் இருப்பவர்களைப் பிடுங்கி அங்கே அனுப்பாதீர்கள், ஒவ்வொருவருக்கும் 60 மரம் போட்டிருக்கிறோம். புதிதாக வரும் வில்லேஜர்களை நேரே தங்கத்துக்குத் திருப்பிவிடுங்கள். ஈட்டிக்காரரைப் பார்த்த பிறகு நான்கு பேர் வர 100 விநாடி ஆகும். அதனால் உங்கள் முதல் ஸ்கவுட்டை எதிராளியின் பாரக்ஸ் பக்கம் சுற்றவிட்டு, ஈட்டிக்காரர் வெளியே வரும் கணத்திலேயே டவுன் சென்டரின் கேதர் பாயின்டைத் தங்கத்துக்கு மாற்றுங்கள்.